பழைய கணக்கை மூடுகிறேன்: முதல் பிரதியில் அப்பா இல்லை

மாலதி: 2009-ல் தொடங்கிய ஒரு சமூக ஊடகக் கணக்கைப் போன மாதம் நிரந்தரமாக அழிக்க முடிவு செய்தேன். உள்ளே போயே பல வருடமாகிறது. ஆனால் அப்பா எனக்கு எழுதிய செய்திகள் அதில்தான் இருந்தன, அதனால் முதலில் தரவின் பிரதியைக் கேட்டேன். மறுநாளே மின்னஞ்சலில் இணைப்பு வந்தது. இறக்கிப் பார்த்தால் ஜிப் கோப்பு வெறும் 3 எம்பி. விரித்துப் பார்த்தேன், அப்பா பெயரில் கோப்புறையே இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. கோரிக்கைப் பக்கத்தில் கால வரம்பு ‘கடந்த ஓராண்டு’ என்று தானாகவே தேர்வாகியிருந்தது. அப்பா போய் ஆறு வருடம். பிரதி வந்துவிட்டதே என்று அன்றைக்கே அழித்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். நினைத்தாலே இன்றும் கை நடுங்குகிறது.

மறுபடி ‘எல்லாக் காலமும்’, படங்களுக்கு ‘உயர் தரம்’ என்று மாற்றிக் கேட்டேன். இந்த முறை மூன்று துண்டாக 5 ஜிபி வந்தது. இணைப்பு நான்கு நாள்தான் வேலை செய்யும் என்று எழுதியிருந்தது, அதனால் மூன்றையும் அன்றிரவே இறக்கினேன். அப்பாவின் கோப்புறையும் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு தமிழ் எழுத்து கூட இல்லை, வரிக்கு வரி `\u00e0\u00ae` என்றுதான் இருந்தது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செல்வம்: எதற்கு அக்கா இவ்வளவு சிரமம்? நான் ‘முடக்கு’ என்பதை அழுத்தினேன், 30 நாளில் கணக்கு தானாக அழிந்துவிட்டது. தமிழ் தெரியவில்லை என்றால் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்காது, ஒன்றை நிறுவிப் பாருங்கள்.

கவின்: எழுத்துரு பிரச்சினை இல்லை. நீங்கள் JSON வடிவத்தில் கேட்டிருக்கிறீர்கள். ‘அ’ போன்ற ஒரு தமிழ் எழுத்தை UTF-8 முறை மூன்று பைட்டாகச் சேமிக்கும். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாக நினைத்து எழுதிவைத்திருக்கிறார்கள். ‘அ’ இப்படி ஆகிவிடும்:

```python
s = "\u00e0\u00ae\u0085"
print(s.encode("latin-1").decode("utf-8"))  # அ
```

பைட் ஒன்றும் தொலையவில்லை, அதனால் முழுசாக மீட்கலாம். `json.load` செய்து, ஒவ்வொரு சரத்தையும் இந்த வரி வழியாக அனுப்புங்கள். நிரல் எழுத வராது என்றால், கணக்கு இன்னும் இருக்கும்போதே HTML வடிவத்தில் இன்னொரு பிரதி கேளுங்கள். உலாவியில் திறந்தால் போதும், தமிழ் சரியாகத் தெரியும்.

செல்வம், முடக்கினாலே 30 நாளில் அழிக்கும் தளங்கள் இருக்கின்றன, உங்களுடையது அப்படி இருக்கலாம். மற்ற சிலவற்றில் முடக்குவது வெறும் மறைப்புதான். பழைய டேப்லெட்டில் செயலி தவறித் திறந்தாலும் கணக்கு திரும்ப உயிர்பெறும்.

ரஹீமா: என் கதை வேறு. கடவுச்சொல் மறந்துவிட்டது. பதிவு செய்திருந்த கைபேசி எண்ணும் இப்போது என்னிடம் இல்லை. வெளியிலிருந்தே பிரதி எடுத்து அழிக்க வழி உண்டா? என் படங்கள் இன்னும் எல்லோருக்கும் தெரிகின்றன.

கவின்: உள்ளே நுழையாமல் பிரதி எடுக்க முடியாது. அப்படி விட்டால் உங்கள் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிவிடுவார்கள். பழைய மின்னஞ்சல் முகவரி ஏதாவது அந்தக் கணக்கில் சேர்த்திருந்தீர்களா? இருந்தால் முதலில் அந்த மின்னஞ்சலை மீட்கப் பாருங்கள்.

ரஹீமா: கல்லூரியில் கொடுத்த முகவரி ஒன்றைச் சேர்த்த ஞாபகம். அதுவும் இப்போது திறக்கவில்லை. கல்லூரியில் கேட்டுப் பார்க்கிறேன்.

மாலதி: கவின் தம்பி, HTML பிரதி கேட்டேன். அப்பாவின் செய்தி ஒவ்வொன்றும் தேதியோடு தமிழிலேயே இருக்கிறது. “ஊசி போட்டாச்சு, வலி இல்லை, நீ வேலையைப் பார்” என்று ஒரு காலை 6.40-க்கு எழுதியிருக்கிறார். முதல் வரியையும் கடைசி வரியையும் கணக்கில் இருந்ததோடு ஒப்பிட்டேன், பத்துப் படங்களைத் திறந்து பார்த்தேன், இரண்டு வட்டுகளில் நகல் வைத்தேன். அதன் பிறகுதான் ‘நிரந்தரமாக அழி’யை அழுத்தினேன். அந்தக் கணக்கு வழியாக நுழைந்துகொண்டிருந்த வேறு செயலி ஒன்று எனக்கு இருந்தது. அதற்கு முன்கூட்டியே தனிக் கடவுச்சொல் வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் அதுவும் பூட்டிக்கொண்டிருக்கும்.

மனம் மாறினால் ரத்து செய்ய 30 நாள் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகும் அவர்கள் சர்வர்களில் எல்லாம் அழிய 90 நாள் வரை ஆகுமாம். இன்று 22-வது நாள்.

செல்வம்: அப்படியென்றால் நாம் அடுத்தவருக்கு அனுப்பியதும் அழிந்துவிடுமா அக்கா?

மாலதி: இல்லை தம்பி. நான் அனுப்பியவை அவரவர் பெட்டியில் அப்படியே இருக்கும் என்று அழிக்கும் பக்கத்திலேயே போட்டிருந்தது. அப்பாவின் கணக்கு இன்னும் இருக்கிறது. நான் அவருக்கு எழுதியதெல்லாம் அங்கே இருக்கும். அதை என்ன செய்வது என்று வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை.