அப்பப்பாவின் பாஸ் படத்தை டச் பே காட்சியில் வைத்தால் வெட்டி ஒட்டியது போலவே தெரிகிறது, என்ன பிழை?

திருமலைப் பொடியன்
அப்பப்பா 1984இல் போனவர். அவருடையது என்று வீட்டில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், துறைமுகத்தில் வேலை செய்தபோது கொடுத்த பாஸில் ஒட்டியது. முகம் நாடியிலிருந்து நெற்றி வரை 18 மில்லிமீட்டர்தான். தோள் மேலே நீல மை சீல், கன்னத்தில் மஞ்சள் கறை. வருகிற திவசத்துக்கு 12க்கு 18 அங்குலத்தில் ஒரு படம் அடித்து விறாந்தையில் மாட்ட அப்பா ஆசைப்படுகிறார். அப்பப்பா பின்னேரம் பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரையில் போய் இருப்பாராம், அதனால் பின்னால் கடலும் சுவாமி மலையும் வரவேண்டும் என்கிறார்.

போன ஞாயிறு காலை ஏழு மணிக்கு டச் பே மணலில் நின்று போனில் மலையை எடுத்தேன். ஒரு ஆப்பில் போட்டு முகத்தைத் தெளிவாக்கினேன். சித்தப்பா வேட்டியோடு நிற்கிற படத்தில் அந்தத் தலையை வைத்து, அதைக் கரையில் நிறுத்தினேன். வெட்டி ஒட்டினது பார்த்த உடனே தெரிகிறது. பெரிய மாமி பார்த்துவிட்டு "இது ஆர்? எங்கட ஐயா இல்லை" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டார். எனக்கு அதுதான் பெரிய கவலை. Photopeaவில்தான் செய்கிறேன், ஃபோட்டோஷாப் இல்லை.

கணினிப்பூனை
காலையில் எடுத்தபடியால் வெயில் வலப்பக்கத்திலிருந்து வருகிறது, முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம். அதுதான் ஒட்டவில்லை. முகத்தை Flip Horizontal செய்யுங்கள், ஒரு நிமிட வேலை.

ராஜி அக்கா
தம்பி, என் அம்மம்மாவின் முகம் ஒரு கலியாண குரூப் படத்தில் பயறளவுதான் இருக்கிறது, அதைக் கறுப்புக் கல்லில் பொறிக்கக் கொடுக்கலாமா? கேட்டால் எல்லாரும் ஏலாது என்கிறார்கள்.

ஸ்டூடியோ அண்ணை
பூனை சொன்ன காரணம் சரி, வைத்தியம் பிழை. முகத்தைத் திருப்பாதே தம்பி. யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்று இல்லை. தலை வகிடு, மச்சம், கொஞ்சம் சரிந்த வாய், எல்லாம் பக்கம் மாறிவிடும். கூட வாழ்ந்த ஆளுக்கு ஏதோ பிழை என்று உடனே படும், என்ன பிழை என்று சொல்லத்தான் தெரியாது. மாமி இரண்டாம் முறையும் போனைத் திருப்பித் தருவார். சரி, பின்புறத்தைத் திருப்பலாமா என்றால் சுவாமி மலை கடலுக்குள் நீட்டாமல் ஊருக்குள் நீட்டும். திருமலையில் மாட்டுகிற படத்தில் அது நடக்காது.

முதலில் வெளிச்சத்தைப் பார். மூக்கின் நிழல் படத்தில் எந்தப் பக்கம் விழுகிறது, கண்ணில் வெள்ளைப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்துச் சொல்.

திருமலைப் பொடியன்
நிழல் வலப்பக்கம் விழுகிறது அண்ணை, கண் புள்ளி இடப்பக்கம் மேலே.

ஸ்டூடியோ அண்ணை
அப்போ விளக்கு இடப்பக்கம் மேலே இருந்திருக்கிறது. டச் பேயிலிருந்து மலையைப் பார்த்து நின்றால் நீ வடகிழக்குப் பக்கம் பார்க்கிறாய், கிழக்கு வலக்கைப் பக்கம், மேற்கு இடக்கைப் பக்கம். காலை வெயில் வலம், பின்னேர வெயில் இடம். அதே இடத்தில் நாலரை ஐந்து மணிக்குப் போய் எடு, மெல்லிய முகில் இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரம் அவர் போய் இருந்த நேரமும் கூட, அதை அப்பாவுக்குச் சொல்லு.

அடுத்தது முகம். அந்த ஆப் தெளிவாக்கவில்லை தம்பி, இல்லாததைத் தானே வரைந்திருக்கிறது. சோதித்துப் பார்: மூல ஸ்கானை ஆப் படத்தின் மேல் வைத்து, இரண்டு கண்களும் பொருந்துகிற மாதிரி அளவைச் சரிசெய்து, மேல் லேயரை Difference ஆக்கு. வெறும் பொடிப்பொடியான இரைச்சல் மட்டும் இருந்தால் பரவாயில்லை. உதட்டோரம், மூக்குத் துவாரம், கண் இமை வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அவற்றை அது மாற்றிவிட்டது.

மூலத்துக்கே திரும்பிப் போ. பாஸிலிருந்து படத்தை உரிக்க வேண்டாம், அப்படியே 1200 dpiயில் ஸ்கான் பண்ணு. கறுப்பு வெள்ளைப் படம் என்றாலும் கலரில் எடு. ஸ்கானரின் தானாகக் கூர்மையாக்கும் வசதியை நிறுத்து. கலரில் ஏன் என்றால், மஞ்சள் கறை நீலச் சானலில்தான் கறுப்பாகக் கிடக்கும், சிவப்புச் சானலில் பெரும்பாலும் காணாமல் போகும். நீல மை அதற்கு எதிர்மாறு. ஆகவே முகத்தைச் சிவப்புச் சானலிலிருந்தும், சீல் விழுந்த தோளை நீலச் சானலிலிருந்தும் எடுத்து மாஸ்க் போட்டுச் சேர். கன்னத்தில் பிரஷ்ஷே தொடத் தேவை வராது, தொடாத அளவுக்கு முகம் அவருடையதாகவே இருக்கும்.

திருமலைப் பொடியன்
Difference போட்டுப் பார்த்தேன். உதடு முழுக்க வெள்ளைக் கோடு. இடது இமை அவருக்குக் கொஞ்சம் தொங்கும், ஆப் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. மாமி சொன்னது இதுதான் போல. அது இருக்க, முகத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்? நான் 11 சென்டிமீட்டர் நினைத்தேன்.

ஸ்டூடியோ அண்ணை
அது ஆறு மடங்கு. இந்த மாதிரிப் படம் மூன்று மடங்கு தாங்கும், அதாவது ஐந்தரை சென்டிமீட்டர். 1200இல் எடுத்தால் முகத்துக்கு 850 பிக்ஸல் வரும், ஆனால் பிக்ஸல் இருக்கிறது என்பதற்காகக் காகிதத்தில் இல்லாத விவரம் வராது. ஐந்தரையில் முகத்தை ஒரு 4க்கு 6 தாளில் மட்டும் அடித்துச் சுவரில் ஒட்டி நாலடி தள்ளி நின்று பார், பிறகு முடிவெடு.

கணினிப்பூனை
அப்படியென்றால் முழு ஆளாக நிறுத்துவதுதானே நல்லது? முகம் இரண்டரை சென்டிமீட்டர்தான் வரும், தெளிவும் கிடைக்கும்.

ஸ்டூடியோ அண்ணை
தெளிவுக்கு நீர் சொல்வது சரிதான். ஆனால் அது சித்தப்பாவின் உடம்பு. தோள் சரிவும் கழுத்தும் அந்த மனுசனுடையவை. பாஸ் படம் கண் மட்டத்தில் கிட்ட வைத்து எடுத்தது, சித்தப்பாவை யாரோ தூரத்தில் நின்று எடுத்திருப்பார்கள், கழுத்து ஒருநாளும் பொருந்தாது. படத்தில் உள்ள நெஞ்சு வரைக்கும் வைத்து, கீழே கடலோடு மெல்லக் கரைய விடு. பழைய ஸ்டூடியோக்காரர் செய்த முறை அது, ஆளைக் கரையில் நிற்பதாகப் பொய் சொல்லாது.

கடைசியாக, காட்சியை முகத்துக்கு இறக்க வேண்டும், முகத்தைக் காட்சிக்கு ஏற்றக்கூடாது. முகத்துக்குக் கலர் போடாதே, கடலைக் கறுப்பு வெள்ளையாக்கு. தலைமயிரின் ஆகக் கறுத்த இடத்தையும் நெற்றியின் ஆக வெளுத்த இடத்தையும் அளந்து பார். பழைய படத்தில் அது 0க்கும் 255க்கும் போகாது, ஒரு 40, 215 என்று நிற்கும். பின்புறத்துக்கு Levelsஇல் Outputஐ அதே எண்களுக்குக் கொண்டுவா. மலையை முகத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக்கு. எல்லாம் முடிந்தபின் முழுப் படத்துக்கும் ஒரே அளவான பொடி இரைச்சலைத் தூவு.

ராஜி அக்கா
என் கல் விஷயம் அப்படியே கிடக்கிறது!

ஸ்டூடியோ அண்ணை
அக்கா, பயறளவு முகத்தைக் கல்லில் பொறித்தால் கல்லுக்காரன் தன் கற்பனையில்தான் பொறிப்பான். பெயரும் திகதியும் போதும்.

திருமலைப் பொடியன்
இற்றைப்படுத்துகிறேன். வியாழன் பின்னேரம் போய் எடுத்தேன், முகிலும் இருந்தது. கறை நீங்கள் சொன்னபடி போய்விட்டது. சீல் முழுதாகப் போகவில்லை, ஒரு வளைவு தோளில் மங்கலாக இருக்கிறது, விட்டுவிட்டேன். ஐந்தரை சென்டிமீட்டர் முகத்தை அடித்துச் சுவரில் ஒட்டினேன், மாமி கண்ணாடி போட்டுக் கிட்டப்போய், "ஐயாட இமை" என்றார்.

இப்போது வீட்டில் வேறு சண்டை. அப்பா பேரப்பிள்ளைகள் எங்களையும் கீழே சின்னதாகப் போடச் சொல்கிறார், மாலை போட்ட படத்துக்குள் உயிரோடு இருக்கிறவர்கள் வரக்கூடாது என்று மாமி. மாலையைப் படத்தில் வரையாமல் சட்டத்துக்கு மேலே பூமாலையாகப் போட்டால் இரண்டு பேரும் சமாதானம் ஆவார்களா?

ராஜி அக்கா
எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தது தம்பி. ஆனாலும் மாமியிடம் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்காதே.