ஒரே பிழை மூண்டு தரம்: எழுதிக் குடுக்கிறதோ, கூப்பிட்டுக் கதைக்கிறதோ?

கோண்டாவில்: எங்கட கணக்குப் பிரிவில ஆறு மாதமா இருக்கிற தங்கச்சி காசேட்டில திரும்பத் திரும்பப் பிழை விடுறா. இரண்டு தரம் வாயால சொல்லியும் மாறேல்ல. மனம் நோகாமல் எப்பிடி எழுதிக் குடுக்கிறது?

சாவகச்சேரி: எழுதாதேங்கோ அக்கா. என்ர முதல் வேலையில "இனிமேல் கவனமாக இருக்கவும்" எண்டு கடிதம் தந்தவை. பயத்தில ஒவ்வொரு தொகையையும் நாலு தரம் பாத்தன், வேலை தேங்கினதுதான் மிச்சம்.

சுன்னாகம்: தம்பி, அந்தக் கடிதத்தில நீர் விட்ட பிழை எது எண்டே இல்லையே. அக்கா, மூண்டு பிழையையும் இஞ்ச போடுங்கோ.

கோண்டாவில்: 7,350 ஐ 7,530 எண்டும், 18,240 ஐ 18,420 எண்டும், 4,190 ஐ 4,910 எண்டும் பதிஞ்சிருக்கிறா. வங்கி இணக்கக்கூற்று செய்யேக்கதான் பிடிபட்டது.

மானிப்பாய்: வித்தியாசம் 180, 180, 720. எல்லாம் ஒன்பதால பிரியுது. ஒன்பதால பிரிஞ்சால் இலக்கம் இடம் மாறினதுதான், வேற ஒண்டும் பாக்கத் தேவையில்லை. எச்சரிக்கைக் கடிதம் குடுங்கோ.

சுன்னாகம்: இந்த மூண்டுக்கும் சரி, எப்பவும் அப்பிடியில்லை. 450 க்கு ஒரு சுழியம் கூடி 4,500 ஆனாலும் வித்தியாசம் 4,050, அதுவும் ஒன்பதால பிரியும். வவுச்சரைப் பாத்தால்தான் தெரியும். அக்கா கேட்டதும் எச்சரிக்கைக் கடிதம் இல்லை. அந்தப் பிள்ளை எதைப் பாத்துப் பதியிறா?

கோண்டாவில்: இண்டைக்குப் பக்கத்தில இருந்து பாத்தன். வங்கி மூடமுதல் போகவேணும் எண்டு தொகையளை ஒரு துண்டில அவசரமா எழுதுறா. பிறகு அந்தத் துண்டைப் பாத்துத்தான் கணினியில அடிக்கிறா.

சுன்னாகம்: அப்ப ஒரு தொகையை இரண்டு தரம் பெயர்த்து எழுதுறா. கவனம் எண்டு நூறு தரம் சொன்னாலும் அந்தத் துண்டு இருக்குமட்டும் பிழை வரும். நான் எண்டால் இப்பிடி எழுதுவன்:

"தங்கச்சி, இந்த மூண்டு பதிவிலயும் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்கு. வவுச்சர்களை இதோட இணைச்சிருக்கிறன். துண்டில எழுதாமல் வவுச்சரைப் பாத்தே நேர அடியுங்கோ. அண்டண்டு பின்னேரம் வவுச்சர்களின்ர கூட்டுத்தொகையைக் காசேட்டோட ஒப்பிடுங்கோ. முதல் இரண்டு கிழமையும் நானும் சேர்ந்து பாக்கிறன். போன மாதம் இரண்டு தரம் பதிஞ்ச பற்றுச்சீட்டை நீங்கள்தான் கண்டுபிடிச்சனீங்கள். அந்தக் கண் இதுக்கும் போதும்."

பற்றுச்சீட்டுக் கதை நான் உதாரணத்துக்குப் போட்டது, அந்த இடத்தில உண்மையில நடந்த ஒண்டைப் போடுங்கோ. "நல்ல பிள்ளை" எண்டு மொட்டையா எழுதினால் ஆறுதலுக்குச் சொன்னதெண்டு அவவுக்கு விளங்கிடும்.

சாவகச்சேரி: இப்பிடி ஒண்டு எனக்குக் கிடைச்சிருந்தால் நல்லது. எண்டாலும் எழுத்து எழுத்துத்தான் அண்ணை. வேலை நிரந்தரமாக்கேக்க ஆராவது இதைத் தூக்கிக் காட்டினால்?

சுன்னாகம்: அந்தப் பயம் நியாயம். பிரதி ஒருத்தருக்கும் போடாமல், கையில குடுத்து, பக்கத்தில இருந்து வாசிக்கவேணும். வாட்ஸ்அப் குழுவில போடவே கூடாது.

மானிப்பாய்: பிரதி இல்லாமல் விட்டால், நாளைக்குப் பெரிய தொகை பிழைச்சா அக்காவைத்தான் கேப்பினம்.

கோண்டாவில்: அதுதான் எனக்கும் யோசனை. கடிதத்தைத் திங்கட்கிழமை குடுக்கிறன். முகாமையாளருக்குச் சொல்லுறதை இரண்டு கிழமை பாத்துட்டு முடிவெடுப்பம்.