கலைச்சொல் வேண்டும்: மருந்து விழுங்கிய நாளுக்கும் விளைவு தொடங்கிய நாளுக்கும் நடுவே உள்ள காலம்

அனுப்புநர்: மருந்தாளுநர், சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் வணக்கம். நம் உடல்நலக் கையேட்டுக்காக, மருந்தின் பாதகவிளைவைப் பற்றி அறிக்கை அனுப்பும்போது மருந்துக்கடையில் என்னென்ன குறித்துவைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கவிளைவு, ஒவ்வாமை போன்றவற்றுக்குச் சொல் இருக்கிறது. ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒருவர் மருந்தைச் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து விளைவு தலைகாட்டும்வரை ஓடும் காலத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? கடையில் நாங்கள் ‘ஆன்செட் டைம்’ என்றே பேசிக்கொள்கிறோம். ‘மறைகாலம்’ என்று போடலாமா?

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மெனக்கெடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களிடம் வந்த ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு முகநரம்பு வலி. பிப்ரவரி 3ஆம் தேதி டாக்டர் கார்பமசெப்பின் எழுதிக்கொடுத்தார். 4ஆம் தேதி மருந்து வாங்கிப் போனார். 26ஆம் தேதி காலையில் காய்ச்சல், தொண்டைவலி, கண் எரிச்சல். அன்று சாயங்காலம் வீட்டில் இருந்த ஐபுபுரூஃபென் போட்டுக்கொண்டார். 27ஆம் தேதி தொண்டைக்காக, பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக்கான அமாக்சிசிலின் கொடுத்தார்கள். 28ஆம் தேதி வாய்க்குள் புண், நெஞ்சிலும் முதுகிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள். மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெரும்பாலும் மருந்தால் வரும் கடுமையான தோல்நோயான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று உறுதியானது. நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டார்.

அங்கே எழுதிய அறிக்கையில் ஐயப்படும் மருந்தாக அமாக்சிசிலின் மட்டும்தான் இருந்தது. முதல் நாள் மருந்து, மறுநாள் தடிப்பு. பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். கார்பமசெப்பின் ‘வேறு மருந்துகள்’ என்ற கட்டத்தில், தேதி இல்லாமல் கிடந்தது.

அனுப்புநர்: தமிழாசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, ‘மறைகாலம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. எது மறைந்திருக்கிறது என்ற கேள்வி வரும். மருந்தா, நோயா? தொற்றுநோய்க்கு ‘நோயரும்பு காலம்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. கிருமி உள்ளே போன நாளிலிருந்து அறிகுறி வரும்வரை உள்ள நாட்கள். அதே அச்சில் ‘விளைவரும்பு காலம்’ என்று வைத்தால் படிக்கிறவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அனுப்புநர்: கடைக்காரர், ஃபீனிக்ஸ்

மருந்து வேலைசெய்ய எடுத்துக்கொள்ளும் நேரத்தைத்தானே கேட்கிறீர்கள்? அதற்கு ‘பலன் காலம்’ என்று போட்டுவிடலாமே. வலி மாத்திரை அரை மணியில் கேட்கும், பிரஷர் மாத்திரைக்குச் சில வாரம் ஆகும் என்று எங்கள் டாக்டர் சொல்வார்.

அப்புறம் ஒரு விஷயம். என் அம்மா மூன்று வருடமாக பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிட்டுவந்தார். ஒருநாள் விடியற்காலையில் எழுந்தால் உதடும் நாக்கும் வீங்கிப்போய்ப் பேச முடியவில்லை. முந்தின நாள் கல்யாண வீட்டில் இறால் சாப்பிட்டதால் வந்தது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். எனலாப்ரிலைத் தொடர்ந்து சாப்பிட்டார். இரண்டு மாதம் கழித்து இறால் இல்லாமலே திரும்ப வீங்கியது. அதற்குப் பிறகுதான் மருந்தை மாற்றினார்கள். மூன்று வருடம் சும்மா இருந்த மருந்து திடீரென்று இப்படிச் செய்யுமா?

அனுப்புநர்: பயிற்சி மருந்தாளுநர், லெனேசியா

அண்ணா, அவர் கேட்பது பலன் வரும் நேரத்தை இல்லை, கெடுதல் வரும் நேரத்தை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: மருந்து ஒவ்வாமை என்றால் சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அதனால் கடைசியாகச் சேர்த்த மருந்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அப்படிப் பார்த்தால் அமாக்சிசிலின் என்று எழுதியது தப்பில்லையே?

அனுப்புநர்: ஓய்வுபெற்ற மருத்துவர், கேப் டவுன்

லெனேசியா தம்பி சொன்னதில் பாதி சரி. பென்சிலின் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறதே, அந்த வகை ஒவ்வாமைக்கு ‘சில மணி நேரத்தில்’ என்பது பொருந்தும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வேறு வழியில் வருவது. முதன்முறையாக ஒரு மருந்தைத் தொடங்குகிறவருக்கு அது பெரும்பாலும் 4ஆம் நாளுக்கும் 28ஆம் நாளுக்கும் நடுவில் தொடங்கும். எட்டு வாரம் வரையும் போகலாம். ஆக, கடைசியாகச் சேர்த்த மருந்தைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தவறான ஆளைத்தான் பிடிப்போம்.

தவறுக்குக் காரணம் இதுதான். இந்த நோய் தோலில் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல், தொண்டைவலி, கண் எரிச்சல் என்று தொடங்கிவிடும். அதற்காக நோயாளி ஒரு மாத்திரை போடுவார், டாக்டர் ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். பிறகு தடிப்பு வரும். பழி அந்த மாத்திரைமீது விழும். உண்மையில் நோய் தொடங்கியதால்தான் அந்த மாத்திரையே வந்தது.

சாட்ஸ்வர்த் தம்பி கொடுத்த தேதிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். தடிப்பிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அமாக்சிசிலினுக்கு ஒரு நாள் வருகிறது. முதல் காய்ச்சலிலிருந்து எண்ணினால் அது நோய்க்கு அடுத்த நாள் வந்த மருந்து. ஐபுபுரூஃபெனும் காய்ச்சலுக்குப் பிறகு வந்ததுதான். காய்ச்சலுக்கு முன்பே உடம்பில் இருந்தது கார்பமசெப்பின் மட்டும். ஆகவே உங்கள் சொல் எதுவானாலும், அது முடியும் நாள் தடிப்பு வந்த நாள் இல்லை, முதல் அறிகுறி வந்த நாள். 2010இல் இந்த நோய்க்கென்றே வந்த ஆல்டென் மதிப்பீட்டு முறையும் அந்த நாளைத்தான் கணக்கில் எடுக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த அம்மா முதல் மாத்திரையை 4ஆம் தேதியே விழுங்கினாரா?

அனுப்புநர்: மருந்தாளுநர், சாட்ஸ்வர்த்

இல்லை ஐயா. நீங்கள் கேட்டதே நல்லது. அவர் அப்போது காவடி விரதத்தில் இருந்தார். விரதம் முடியட்டும் என்று பையிலேயே வைத்திருந்து 12ஆம் தேதி காலையில்தான் தொடங்கினார். அவருடைய மகளிடம் நேரில் கேட்டபோதுதான் இது தெரிந்தது. கடைக் கணினியில் 4ஆம் தேதிதான் இருக்கிறது. 12 முதல் 26 வரை 14 நாள். கடையில் கொடுத்த 4 முதல் தடிப்பு வந்த 28 வரை என்று எண்ணியிருந்தால் 24 நாள்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற மருத்துவர், கேப் டவுன்

14, 24 இரண்டுமே வரம்புக்குள்தான் விழுகின்றன. இந்தக் கேஸில் முடிவு மாறாது. ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கேஸில் இந்தப் பத்து நாள் முடிவையே புரட்டிவிடும். மருந்துச் சீட்டின் தேதி, கடையில் கொடுத்த தேதி, விழுங்கிய தேதி மூன்றும் வேறு வேறு. அறிக்கைக்கு வேண்டியது மூன்றாவது. அதை நோயாளியிடமோ வீட்டாரிடமோ வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். அதனால்தான் இது மருந்தாளுநர் செய்ய வேண்டிய வேலை.

மருந்தின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில் சட்டப்படியே மலிவான மாற்று மருந்தைப் பற்றி மருந்தாளுநர்கள் சொல்ல வேண்டும், பெரும்பாலும் அதையே கொடுக்கிறார்கள். அறிக்கையில் சீட்டில் இருந்த பெயரை எழுதாமல், பெட்டியில் இருந்த பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதுங்கள். பிறகு, சீட்டில் வராதவற்றையும் கேளுங்கள். இம்பிசா என்ற ஜூலு மூலிகை மருந்துப் புட்டி, ஊரிலிருந்து வந்த சூரணம், பக்கத்து வீட்டு மாத்திரை எல்லாம். ‘வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா’ என்றால் இல்லை என்பார்கள். ‘கஷாயம், பொடி ஏதாவது குடிச்சீங்களா’ என்றால்தான் வெளியே வரும்.

ஃபீனிக்ஸ் ஐயா கேட்டதற்கு: ஆமாம், செய்யும். எனலாப்ரில் வகை மருந்துகளால் வரும் வீக்கம் பல வருடம் கழித்துக்கூட வரலாம், விட்டு விட்டும் வரலாம். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குத் திரும்ப வருவதுண்டு. அதனால் ‘நிறுத்தியும் வீங்கியது, ஆகவே மருந்து காரணமில்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. அம்மாவின் மருந்துக் குறிப்பில் இது ஏறியிருக்கிறதா பாருங்கள். அந்த வகை மருந்து எதையும் அவருக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது.

அனுப்புநர்: பயிற்சி மருந்தாளுநர், லெனேசியா

ஐயா, அப்போ அமாக்சிசிலினை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாமா? இன்னொன்று, கார்பமசெப்பின்தான் என்று நிச்சயமாகத் தெரியாமல், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவுக்கு எப்படி அனுப்புவது?

அனுப்புநர்: ஓய்வுபெற்ற மருத்துவர், கேப் டவுன்

எடுக்க வேண்டாம். எல்லா மருந்தையும் தொடங்கிய நாள், நிறுத்திய நாளோடு போடுங்கள். ஐயப்படும் மருந்தாக ஒன்றுக்கு மேற்பட்டதையும் குறிக்கலாம். நிச்சயம் தேவையில்லை, சந்தேகம் போதும். அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி, அறிக்கை தருகிறவர், ஐயப்படும் ஒரு மருந்து, ஒரு விளைவு. இந்த நான்கும் இருந்தால் அது அறிக்கை. நோயாளிக்கு முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்து, வயது, பாலினம் போதும். Med Safety செயலியில் கைப்பேசியிலிருந்தே அனுப்பலாம். கிடைக்காத தேதியை ஊகித்து நிரப்பாதீர்கள், ‘தெரியவில்லை’ என்று விடுங்கள். பிறகு தெரியவந்தால் தொடர் தகவலாக அனுப்பலாம்.

அறிக்கை போனதோடு வேலை முடிவதில்லை. அந்த அம்மாவின் அட்டையில் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், முகவலி திரும்பும்போது யாராவது கார்பமசெப்பினை மறுபடி எழுதுவார்கள். இரண்டாம் முறை இரண்டு வாரம் காத்திருக்காது, ஓரிரு நாளிலேயே வந்துவிடலாம். கார்பமசெப்பினைப் போன்ற வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாய்னும் ஃபீனோபார்பிட்டோனும்கூட அவருக்கு ஆபத்துதான். அட்டையைத் திருத்தினீர்களா?

அனுப்புநர்: மருந்தாளுநர், சாட்ஸ்வர்த்

திருத்தியாகிவிட்டது ஐயா. மூன்று பெயரையும் எழுதி மகளிடமும் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். சாப்ராவுக்குத் தொடர் தகவலும் போய்விட்டது.

அனுப்புநர்: தமிழாசிரியை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இவ்வளவும் படித்த பிறகு என் சொல்லை நானே சந்தேகப்படுகிறேன். அரும்புவது என்றால் உள்ளே ஏதோ மெல்ல வளர்ந்து வெளியே வருவது. கார்பமசெப்பினுக்கு அது பொருந்தும். எனலாப்ரில் மூன்று வருடம் அரும்பிக்கொண்டா இருந்தது? தொடக்கமும் முடிவும் எவை என்று சொல்லிலேயே தெரிந்தால் நல்லது என்று தோன்றுகிறது. ‘முதல்வேளை-முதலறிகுறி இடைவெளி’. நீளம்தான், ஆனால் தவறாக எண்ண இடமில்லை.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற மருத்துவர், கேப் டவுன்

எனக்கு ‘விளைவரும்பு காலம்’ பிடித்திருக்கிறது அம்மா. பேசும்போது நீளமான சொல் நிற்காது. எனலாப்ரிலுக்குப் பொருந்தாவிட்டால் போகட்டும். நோயரும்பு காலமும் எல்லா நோய்க்கும் ஒரே மாதிரியாகவா பொருந்துகிறது?

அனுப்புநர்: மருந்தாளுநர், சாட்ஸ்வர்த்

இப்போதைக்குப் பக்கத்தில் காலத்தின் பெயரையே போடாமல், ‘முதலில் விழுங்கிய நாள்’, ‘முதல் அறிகுறி நாள்’ என்று இரண்டு கட்டம் வைக்கிறேன். இடையில் எத்தனை நாள் என்று அறிக்கையைப் படிக்கிறவர் கணக்கிட்டுக்கொள்ளட்டும். தலைப்பில் ‘விளைவரும்பு காலம்’ இருக்கலாமா என்று மற்றவர்களும் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. ஒரு மாதம் சாப்பிட்டு, இரண்டு மாதம் விட்டு, மறுபடி தொடங்குகிறவருக்கு ‘முதலில்’ என்பது எந்த நாள்? இரண்டு தேதியையும் கேட்கிற மாதிரி கட்டத்தைப் பிரித்தால் தாளில் இடம் போதவில்லை.