ஏஜென்ட் வேலையிலிருந்து கிளெய்ம்ஸ் பக்கம் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். பெரம்பூரில் ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கிளெய்ம் முடித்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள் சொல்லி வந்தவர்கள்தான், போன் போட்டுப் பிடித்தவர்கள் குறைவு.

போன மாதம் ஒருவருக்கு பாலிசியில் அறை வாடகை வரம்பு 5,000, அவர் எடுத்தது 8,000 ரூபாய் அறை. வாடகை வித்தியாசத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை, மருந்து தவிர்த்து டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் என்று வந்த 80,000-ஐயும் அதே எட்டுக்கு ஐந்து விகிதத்தில் வெட்டி 50,000தான் கொடுத்தார்கள். பாலிசி வாசகப்படி அது சரிதான். அதை வரி வரியாக அவருக்கு விளக்கும்போதுதான் விற்பதைவிட இந்த வேலை எனக்குப் பிடிக்கிறது என்று பட்டது.

படித்தது பி.காம். டி.பி.ஏ.வில் கிளெய்ம்ஸ் பிராசஸராகச் சேரலாமா, இல்லை லைசென்ஷியேட், அசோசியேட் தேர்வு எழுதிவிட்டு நேராக கம்பெனியிலேயே முயற்சி செய்யலாமா? மெடிக்கல் படிக்காதவர்களை எதுவரை விடுகிறார்கள்? அண்டர்ரைட்டிங்குக்கு அங்கிருந்து மாற முடியுமா?

அப்புறம் முக்கியமான விஷயம், சம்பள வேலைக்குப் போனால் ஏஜென்சியை விட வேண்டியிருக்கும். ரினியூவல் கமிஷன் என்ன ஆகும், வாடிக்கையாளர்களை யாரிடம் ஒப்படைத்தீர்கள்? சென்னையில் மாறியவர்கள் ஆரம்பச் சம்பளத்தையும் சொன்னால் நல்லது, இன்பாக்ஸில் வந்தாலும் சரி.