மாடியில் அதிகாலை கிரைண்டர்: குடியிருப்பவருக்குக் கெடு வைத்து எப்படி எழுதுவது?

உறையூர்வாசி: முதல் மாடியில் குடியிருப்பவர் பொங்கலுக்குப் பிறகு இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். இரண்டு பெரிய கிரைண்டர்கள் அதிகாலை நாலு மணிக்கே ஓடத் தொடங்குகின்றன. கீழ்வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிலுகிலுக்கின்றன. வாயால் சொன்னால் "சரி அண்ணே" என்பார். இரண்டு நாள் அடங்கி, மறுபடி பழையபடிதான். வாடகை தவறுவதில்லை, காலி செய்யச் சொல்லவும் மனமில்லை. எழுத்தில் என்ன கொடுப்பது?

மலைக்கோட்டை: 15 நாள் நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பிக் காலி செய்யச் சொல்லுங்கள். மாத வாடகைக்கு அதுதான் சட்டம்.

பழைய குமாஸ்தா: அந்த 15 நாள், வாடகை உறவையே முடித்துக்கொள்ளும் நோட்டீஸுக்கு உரியது. இவருக்கு வேண்டியது தொந்தரவை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸ். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அப்படி நோட்டீஸ் கொடுத்த பின்னும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது தொடர்ந்தால் வெளியேற்றக் கேட்க வழி வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். "அடிக்கடி சத்தம்" என்று எழுதினால் மறுப்பது சுலபம், தேதியும் நேரமும் வேண்டும். இப்படி எழுதலாம்:

"மார்ச் 3, 6, 9 தேதிகளில் அதிகாலை 4 மணி முதல் கிரைண்டர்கள் ஓடியதாகக் கீழ்வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் எழுத்தில் புகார் தந்துள்ளனர். இக்கடிதம் கிடைத்த நாள் முதல் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அவற்றை இயக்கக் கூடாது. மார்ச் 31 மாலை 6 மணிக்குள் இரண்டையும் வீட்டிலிருந்து அகற்ற வேண்டும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்."

சத்தத்துக்கு உடனடித் தடை. இடம் பார்க்க அவகாசம். "15 நாட்களுக்குள்" என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற வாதம் வரும், அதனால் தேதியே போடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபாலை 2025இல் அதனோடு இணைத்துவிட்டார்கள்.

வாடகைக்காரி: எங்கள் வீட்டுக்காரர் இப்படித்தான் கடிதம் கொடுத்து, மறுவாரமே மோட்டாரை நிறுத்தினார். நாங்கள் மாவு அரைக்கவில்லை, குழந்தை அழுததற்கு! தண்ணீரை நிறுத்த அவருக்கு உரிமை உண்டா?

பழைய குமாஸ்தா: இல்லை அம்மா. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு தடுக்கிறது. உறையூர்க்காரரும் கவனிக்கவும்: கெடு முடிந்தால் ஃபியூஸைப் பிடுங்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஓடினால் அந்தத் தேதிகளைத் தனியாகக் குறியுங்கள். "தொடர்ந்தது" என்பதற்கு அவைதான் சான்று.

மலைக்கோட்டை: வீட்டு மின் இணைப்பில் வியாபாரம் ஓடுகிறதே! கணக்கு உங்கள் பெயரில்தானே, அபராதம் வந்தால்?

உறையூர்வாசி: அதை யோசிக்கவில்லை, கடிதத்தில் சேர்க்கிறேன். கீழ்வீட்டார் எழுதித் தரத் தயார். பக்கத்து வீட்டு அம்மா "என் பெயர் வேண்டாம்" என்கிறார். ஒப்பந்தம் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில், பதிவு செய்யவில்லை.

பழைய குமாஸ்தா: அந்த அம்மா எழுதித் தராவிட்டால் கடிதத்தில் அவரைச் சேர்க்காதீர்கள். எச்சரிக்கைக்கு இந்த ஒப்பந்தம் தடையில்லை, வாடகை நீதிமன்றம் போனால் முதல் கேள்வியே பதிவு எண்தான். அதை உங்கள் வக்கீலிடம் இப்போதே காட்டுங்கள்.