ரத்தான ஓர் ஆர்டரும் 31 மின்னஞ்சல்களும்: ‘சரக்கு வந்ததும் தெரிவிக்கவும்’ அனுபவப் பகிர்வு

களியக்காவிளை, தேன் விற்பவர்:
எங்கள் பகுதியில் ரப்பர் மரங்கள் தளிர்விடும் மாசி, பங்குனி மாதங்களில்தான் தேன் பெருவாரியாகக் கிடைக்கும். ஆடிக்குள் அரைக் கிலோ பாட்டில்கள் தீர்ந்துவிடும். அதனால் என் வூகாமர்ஸ் கடையில், இருப்பு தீர்ந்த பொருளின் பக்கத்தில் வாடிக்கையாளர் தம் மின்னஞ்சலைப் பதிவு செய்துகொள்ளும் படிவம் ஒன்றைச் செருகுநிரல் மூலம் வைத்தேன்.

கடைசி 3 பாட்டில்களை ஒருவர் வங்கிப் பரிமாற்றம் செய்வதாகக் கூறி ஆர்டர் செய்தார். ஆர்டர் `On hold` நிலைக்குச் சென்றதும் இருப்பு பூஜ்யமானது, படிவமும் தோன்றியது. பணம் வரவே இல்லை. ஆவணி இறுதியில் அந்த ஆர்டரை நான் ரத்து செய்தேன். சில நிமிடங்களில், அதுவரை பதிவு செய்திருந்த 31 பேருக்கும் ‘தேன் வந்துவிட்டது’ என்று மின்னஞ்சல் சென்றுவிட்டது. மூன்று பாட்டில்களும் உடனே விற்றுத் தீர, மற்றவர்கள் வந்து ஏமாந்தனர். அதைவிடப் பெரிய இழப்பு மாசியில்தான் தெரிந்தது. புதுத் தேன் வந்தபோது அவர்களில் ஒருவருக்கும் தகவல் செல்லவில்லை. காரணம் இன்னும் விளங்கவில்லை.

கம்பம், ஏலக்காய் வியாபாரி:
அண்ணே, இதற்குத் தனிச் செருகுநிரலே வேண்டாம். பொருளின் `Inventory` பகுதியில் `Allow, but notify customer` என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் சரக்கு வந்ததும் வாடிக்கையாளருக்கு வூகாமர்ஸே தெரிவித்துவிடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

செங்கோட்டை, கடைகளுக்குத் தளம் அமைத்துத் தருபவர்:
கம்பம் நண்பர் சொல்லும் தேர்வு இருப்பது உண்மை. அதன் வேலை வேறு. இருப்பில் இல்லாத பொருளுக்கும் ஆர்டர் எடுக்கும் ஏற்பாடு அது. ‘தெரிவித்தல்’ என்பது பக்கத்தில் `Available on backorder` என்ற வரியைக் காட்டுவது மட்டுமே. பின்னர் எந்த மின்னஞ்சலும் போகாது. மேலும் அதற்கு உச்சவரம்பு கிடையாது. இருப்பு -1, -2 என்று இறங்கிக்கொண்டே போகும். தங்கள் கடையில் இப்போது எண் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேன் அண்ணாச்சிக்கு நேர்ந்ததை ஆர்டர் குறிப்புகளில் உறுதி செய்துகொள்ளலாம். ரத்து செய்த நேரத்தில் `Stock levels increased` என்று ஒரு குறிப்பு இருக்கும். மின்னஞ்சல்கள் போன நேரமும் அதை ஒட்டியே இருக்கும். ரத்தான ஆர்டரின் சரக்கு தானாக இருப்பில் சேர்கிறது. இருப்பு பூஜ்யத்தைத் தாண்டினால் போதும், செருகுநிரல் அனுப்பிவிடுகிறது. பல செருகுநிரல்கள் ஒருமுறை தகவல் அனுப்பிய பதிவை முடிந்ததாகக் குறித்துவிடும். மாசியில் யாருக்கும் போகாததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். செருகுநிரலில் குறைந்தபட்ச இருப்புக்கு அமைப்பு இருந்தால் 10 அல்லது 15 என்று வையுங்கள். இல்லையென்றால், இத்தகைய ஆர்டரை ரத்து செய்யும் முன் அறிவிப்பை நிறுத்திவிட்டு, எண்ணைச் சரிசெய்த பிறகு மீண்டும் இயக்குங்கள்.

பள்ளிப்பட்டு, சேலை விற்பவர்:
நகரி, புத்தூர் பக்கத்துத் தறிக்காரர்களிடம் எடுத்து விற்கிறேன். ஒரு நிறத்தில் ஒரு சேலைதான் வரும்; அதே சேலை திரும்ப வராது. படிவம் வைத்ததில் 40 பேர் பதிவு செய்து காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

செங்கோட்டை:
அக்கா, திரும்ப வராத பொருளில் அந்தப் படிவத்தை எடுத்துவிடுவதே நேர்மை. அந்த 40 பேருக்கும் உண்மையைச் சொல்லி, அதே ரகத்தில் வேறு நிறம் வந்தால் தெரிவிக்கலாமா என்று ஒரே ஒருமுறை கேளுங்கள்.

களியக்காவிளை:
குறிப்பைப் பார்த்தேன்; நேரம் ஒத்துப்போகிறது. மிக்க நன்றி. அடுத்த பருவத்துக்கு முன்பதிவுப் பொத்தான் வைக்க நினைக்கிறேன். வரம்பை எப்படிக் கட்டுவது?

செங்கோட்டை:
உறுதியாகத் தர முடிந்த அளவையே இருப்பாக எழுதுங்கள். 100 பாட்டில் வரும் என்று எதிர்பார்த்தால் 60 என்று எழுதி, `Inventory` பகுதியின் அதே தேர்வில் `Do not allow` என்றே வைத்திருங்கள். அறுபதாவது பாட்டிலுடன் விற்பனை தானாக நின்றுவிடும். ஆனால் 60 என்று எழுதியதும் காத்திருப்போருக்குத் தகவல் போய்விடும். ஆகவே அந்த மின்னஞ்சலின் வாசகத்தை முன்கூட்டியே ‘முன்பதிவு தொடங்கியது’ என்று மாற்றிவிடுங்கள். பொருளுக்கு `preorder` என்ற குறிச்சொல் இட்டால், பொருளின் பக்கத்தில் உள்ள பொத்தானின் எழுத்தை இது மாற்றும்:

```php
add_filter( 'woocommerce_product_single_add_to_cart_text',
  function ( $text, $product ) {
    return has_term( 'preorder', 'product_tag', $product->get_id() )
      ? 'முன்பதிவு செய்க' : $text;
  }, 10, 2 );
```

அனுப்பும் மாதத்தைப் பொத்தானுக்கு மேலேயே எழுதுங்கள். தேன் கையில் வந்ததும் குறிச்சொல்லை நீக்கினால் பழைய பொத்தான் திரும்பிவிடும்.

கம்பம்:
எண்ணைப் பார்த்தேன்: -23. இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை. இன்றே ஆர்டர் செய்தவர்களை அழைத்துப் பேசுகிறேன். முழுப் பணமும் வாங்கிவிட்டேன். திருப்பிக் கொடுத்தால் பணம் செலுத்தும் நிறுவனம் பிடித்த கட்டணம் எனக்குத் திரும்ப வராது. முன்பணம் மட்டும் வாங்கியிருக்கலாமோ?

களியக்காவிளை:
முன்பணம் என்றால் மீதியைக் கேட்டு ஒவ்வொருவரையும் நினைவூட்ட வேண்டுமே. எனக்கு வேறொரு குழப்பமும் இருக்கிறது: ஒருவர் முன்பதிவுத் தேனையும், கையிருப்பில் உள்ள நல்லமிளகையும் ஒரே ஆர்டரில் போட்டால், மிளகை முதலில் அனுப்புவதா, இரண்டையும் மாசியில் சேர்த்து அனுப்புவதா? இரண்டு பார்சலுக்கு ஒரு கூரியர் கட்டணம்தான் கணக்கில் வருகிறது.