சம்பள நாளை வைத்துப் போட்ட வரவு செலவுத் திட்டத்தில் ஒரே சுற்றுக்குள் இரண்டு சம்பளம் வருகிறது

எனக்கு ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி சம்பளம் வருகிறது. வாடகையும் கடன் தவணையும் அடுத்த மாதம் 1 முதல் 10 தேதிக்குள் போகின்றன. மாதவாரியாகக் கணக்கு எழுதியபோது மாதக் கடைசியில் கணிசமான மிச்சம் தெரிந்தது; ஆனால் அது அடுத்த மாதத் தவணைகளுக்கு உரிய பணம் என்பதை உணராமல் செலவழித்துவிட்டு 20ஆம் தேதியளவில் திண்டாடினேன். ஆகவே 25 முதல் 24 வரை ஒரு சுற்று என மாற்றி, கணக்குத் தாளில் இந்தச் சூத்திரத்தை இட்டேன்.

```
=TEXT(A2-24,"yyyy-mm")
```

சில மாதங்கள் சரியாக இருந்தது. இந்த ஜனவரியில் 25 ஞாயிறு என்பதால் சம்பளம் 23ஆம் தேதியே வந்தது. அது முந்தைய சுற்றில் சேர்ந்து, நடப்புச் சுற்றில் வரவே இல்லை எனக் காட்டுகிறது. என்ன செய்வது?

மறுமொழி 1
தவணைத் தேதிகளை 26க்கு மாற்றித் தருமாறு கேளுங்கள். சம்பளம் வந்த மறுநாளே எல்லாம் போய்விட்டால் குழப்பம் இராது.

மறுமொழி 2
மேலே சொன்னது நல்ல பழக்கம்தான், ஆனால் கேட்ட பிழையை அது தீர்க்காது. சுற்று தொடங்குவது 25ஆம் தேதியில் அன்று, பணம் கைக்கு வந்த நாளில். F நிரலில் சம்பளம் உண்மையில் வந்த தேதிகளை ஏறுவரிசையில் எழுதி, பழைய சூத்திரத்துக்குப் பதிலாக இதை இடுங்கள். ஒவ்வொரு செலவும் தனக்கு முன் வந்த கடைசிச் சம்பளத் தேதியோடு சேர்ந்துகொள்ளும்.

```
=LOOKUP(A2,F$2:F$13)
```

முதல் சம்பளத் தேதிக்கு முந்தைய செலவுகளுக்குப் பிழை காட்டும். அவற்றைப் பழைய தாளிலேயே விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சுற்றுகளின் நீளம் இனி ஒன்றாக இராது: டிசம்பர் 25இல் தொடங்கியது 29 நாள், ஜனவரி 23இல் தொடங்கியது பிப்ரவரி 24 வரை 33 நாள். அன்றாடச் செலவுக்கு நாளுக்கு 400 என வைத்து, 30 நாளுக்கு 12,000 ஒதுக்கியிருந்தால், 33 நாள் சுற்றுக்கு 13,200 தேவைப்படும். கடைசி மூன்று நாட்களுக்குப் பணம் இராது. ஆகவே அன்றாடச் செலவை மட்டும் நாள் எண்ணிக்கையால் பெருக்கி ஒதுக்குங்கள். வாடகையும் தவணையும் சுற்றுக்கு ஒருமுறைதான். குறுகிய சுற்றில் மிஞ்சும் 400ஐத் தொடாமல் வைத்தால், நீண்ட சுற்றின் பற்றாக்குறையில் ஒரு பகுதியை அது ஈடுகட்டும்.

மறுமொழி 3
எங்கள் வீட்டில் எனக்கு 25, என் மனைவிக்கு 7ஆம் தேதி. இரண்டு தேதிகளையும் F நிரலில் எழுதினால் சுற்று பாதியாக உடைந்து, வாடகை முழுவதும் ஒரு பாதியில் விழுகிறது.

மறுமொழி 2
வாடகையைக் கட்டும் சம்பளத்தையே சுற்றின் தொடக்கமாகக் கொண்டு, மற்றதை இடையில் வரும் வரவாக எழுதிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இது எந்த அளவுக்குச் சரிவரும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இழையைத் தொடங்கியவர்
புதிய சூத்திரத்தில் சம்பளம் சரியான சுற்றில் விழுந்துவிட்டது. இந்தச் சுற்றுக்கு 30 நாளுக்கே ஒதுக்கியிருந்தேன்; இன்று மாற்றி எழுதுகிறேன்.